அடுத்த கட்டுரைக்கு ஒரு குறிப்பு

மாங்குளம்

அன்பின் சுமதி,

நலம். நீயும் நலமாக இருப்பாய். மூன்று மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். கோபத்தில் கத்தரித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி இரணைமடுக் குளம் பற்றிக் கட்டுரை எழுதினாள். "குளம் விவசாயத்துக்குப் பயன்படுகிறது. மீன்பிடிக்கும் பயன்படுகிறது." இப்படியே போனது. நான் சிவப்புப் பேனாவால் "விளக்கம் போதாது, உதாரணம் இல்லை, 20க்கு 11" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த கட்டுரை பாலை மரம் பற்றியது. அதிலும் அதே "பயன்படுகிறது"தான். கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர், விளக்கம் எண்டா என்ன எழுதோணும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் ஒன்பது புள்ளியைக் குறைத்தேன் என்பதற்குத்தான் அந்தக் குறிப்பு காரணம் சொன்னது. அடுத்த தடவை அவள் பேனாவைப் பிடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "குளத்தின் வரலாற்றைச் சேர்" என்று எழுதியிருந்தாலும் உதவியிராது, ஏனென்றால் குளத்தைப் பற்றி அவள் மறுபடி எழுதப்போவதில்லை.

இரண்டாம் கட்டுரையில் இப்படி எழுதினேன்: "'பயன்படுகிறது' என்று எழுதியதும் நிறுத்தாதே. யாருக்கு, எப்போது, அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றில் ஒன்றையாவது அடுத்த வசனத்தில் சொல்." வேறு எந்தத் திருத்தமும் போடவில்லை, எழுத்துப்பிழைகளைக்கூட விட்டுவிட்டேன். அடுத்த கட்டுரையைத் தொடங்க முன் அந்தக் குறிப்பை மேலே எழுதச் சொன்னேன். அதைப் பின்பற்றிய இடங்களின் கீழே கோடிடவும் சொன்னேன். சந்தை பற்றிய கட்டுரையில் பார்: "சந்தை அம்மாவுக்குப் பயன்படுகிறது. மழைக்கு பஸ் ஓடாவிட்டால் அன்று பிடுங்கிய காய் ஆட்டுக்குத்தான்." வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

புள்ளியையும் நான் இப்போது பிந்தித்தான் சொல்கிறேன். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எங்கள் வகுப்பிலும் எண்ணைக் கண்டதும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

தவணைப் பரீட்சையில் பெற்றோர் காரணம் கேட்டால் பழைய மாதிரிக் குறிப்பு வேண்டும்தான். பிள்ளைக்கு விஷயமே விளங்கவில்லை என்றால் எந்தக் குறிப்பும் போதாது, திரும்பப் படிப்பிக்கத்தான் வேண்டும்.

ஆனால் உன் கணக்குப் பாடத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? சமன்பாட்டில் குறியை மாற்றாமல் விடுகிற பிள்ளைக்கு "குறி பிழை" என்று எழுதுவாய். அடுத்த கணக்குக்கு உதவுகிற மாதிரி எழுதினால் என்ன எழுதுவாய்? இரண்டு கொப்பியில் செய்து பார்த்துவிட்டு எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராணி