ஆனியில் நிச்சயம், ஆவணியில் தாலி

அன்புள்ள மக்களே,

ஜூலை 25-ல் வந்து ஆகஸ்ட் 20-ல் திரும்பும்படி லீவு கேட்கப் போவதாகவும், அதற்குள் நிச்சயத்தை முடித்துவிட்டுக் கல்யாணத்தை அடுத்த பங்குனியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் சரிப்படாது. ஏன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் வீட்டார் வள்ளியூர்க்காரர்கள். அவர்கள் பஞ்சாங்கமும் நம்முடையதும் சில இடங்களில் ஒத்துப்போகாது.

ஆடி, ஜூலை 16 அல்லது 17-ல் பிறந்து ஆகஸ்ட் நடுவில்தான் முடியும். உன் லீவு ஏறக்குறைய முழுவதும் ஆடிக்குள் விழுகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் தாலி கட்டுவதில்லை. இந்த விஷயத்தில் வள்ளியூருக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரே பேச்சுதான். புரட்டாசியில் மாளய பட்சம் வருகிறது, மார்கழி சாமிக்கு உரிய மாதம். ஆடிக்கு, சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று எல்லா ஊரிலும் ஒரு காரணம் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே கன்னிப்பூ நெல் அறுப்புக்கு வருவது ஆவணி, புரட்டாசியில். கும்பப்பூ நெல் தை, மாசியில் வீடு வந்து சேரும். ஆகவே ஆடியில் மழையும் இருக்கும், பத்தாயமும் காலியாக இருக்கும். அந்த மாதத்தில் ஊரைக் கூட்டிப் பந்தி போட யாராலும் முடியாது. இப்போது அரிசி கடையில் கிடைக்கிறது என்பாய். ஆனாலும் பெரியவர்கள் மனசில் ஆடி என்றால் இன்னும் அந்த ஆடிதான்.

நிச்சயத்துக்கும் இதே கணக்குத்தான். ஆடியில் ஜாதகம் பார்க்கலாம், வீடு பார்க்கப் போகலாம், வாயால் பேசிக்கொள்ளலாம். தாம்பூலம் மட்டும் மாற்றமாட்டோம். தாம்பூலம் மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் ஆனது போல.

இனி பங்குனி. வள்ளியூர்ப் பக்கம் பங்குனி உத்திரம் தெய்வத் திருமணங்கள் நடந்த நாள் என்று கொண்டாடுவார்கள். அதனால் பங்குனியில் முகூர்த்தம் குறிக்க அவர்களுக்கு மனத்தடை இல்லை. நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. கொல்லம் ஆண்டுக் கணக்கு இன்னும் நம் வீடுகளில் ஓடுகிறது. அந்தக் கணக்கில் பங்குனி என்பது மீன மாதம். மீனத்திலும் கும்பத்தின் பின்பாதியிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். உன் பெரியப்பா ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டார். சம்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால், நாம் ஏதோ சாக்குச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனியில் கல்யாணம் வைக்கலாமா என்றால், நீயும் தலைப்பிள்ளை, அந்தப் பெண்ணும் தலைப்பிள்ளை. மூத்தவனுக்கும் மூத்தவளுக்கும் ஆனியில் தாலி கட்டக்கூடாது என்பார்கள். ஆனால் அந்தத் தடை தாலிக்குத்தான், நிச்சயத்துக்கு இல்லை. அதனால் ஜூலை முதல் வாரத்தில் தாம்பூலம் மாற்றிவிட்டு ஆவணியில் கல்யாணம் என்று தீர்மானித்திருக்கிறேன்.

கேட்க எளிதாக இருக்கும். இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆவணி முதல் வாரத்திலேயே ஒரு நல்ல முகூர்த்தம் கண்ணில் படும், உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். இடையில் ஆடி கிடப்பதை மறந்துவிடுவார்கள். ஆடியில் தாலிக்குப் பொன்னுருக்கக் கூடாது, முகூர்த்தப் பட்டு எடுக்கக் கூடாது, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்து ஊரழைக்கக் கூடாது. ஆவணி பிறந்து ஐந்து நாளில் கல்யாணம் என்றால் அந்த ஐந்து நாளுக்குள் இத்தனையும் செய்ய வேண்டும். பத்திரிகை கைக்கு வரும்போது சொந்தக்காரர்கள் வேறு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். ஆகவே நிச்சயம் முடிந்த கையோடு, ஆனி தீருவதற்குள் பொன்னுருக்கி, பட்டும் எடுத்துவிடலாம். பத்திரிகையை ஆடியில் அச்சடித்து வைத்துக்கொண்டு ஆவணி பிறந்ததும் கொடுக்கத் தொடங்கலாம். ஊரழைக்கப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். முகூர்த்தம் ஆவணி 12-க்குப் பிறகு இருந்தால் போதும்.

பின்பக்கத்திலும் ஒரு வேலி இருக்கிறது. மாளய பட்சம் எப்போதும் புரட்டாசியில்தான் தொடங்கும் என்று நினைத்துவிடாதே. பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்குவது அது. பௌர்ணமி முன்னால் வருகிற ஆண்டில் ஆவணிக் கடைசியிலேயே வந்துவிடும். 2025-ல் செப்டம்பர் 8-லேயே தொடங்கியது, அப்போது ஆவணி இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் முகூர்த்தம் குறிக்கமாட்டார்கள். எஞ்சிய நாட்களில் செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, அமாவாசை போய்விடும். கல்யாணத்துக்கு உகந்த நட்சத்திரங்களோ ரோகிணி, மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி, அனுஷம் போன்ற சிலதான். இருவர் ஜாதகத்துக்கும் பொருந்துகிற நாள் கடைசியில் இரண்டோ மூன்றோ தேறும். அதனால்தான் முகூர்த்த நாளை முதலில் குறித்துவிட்டு அப்புறம் மண்டபத்துக்குப் போகிறோம். சிலர் மண்டபம் கிடைத்த நாளைச் சோதிடரிடம் கொண்டுபோய், அதைச் சரியென்று சொல்லும்படி கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

மாதப் பிறப்பு நாளில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது. சூரியன் ராசி மாறும் நேரம் பொழுது சாய்வதற்குள் இருந்தால் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அன்றே மாதம் பிறந்துவிடும். கொல்லம் கணக்கில் மதியத்தோடு எல்லை முடிந்துவிடும். பிற்பகலில் மாறுகிற ஆண்டுகளில் வள்ளியூரில் ஆவணி ஒன்று, நமக்கு இன்னும் ஆடி! இந்தக் குழப்பத்தில் தாம்பூலத் தட்டோடு வந்தவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது வேண்டாம்.

செலவிலும் ஒன்று கவனிக்கணும். ஓணம் பெரும்பாலும் ஆவணியில்தான் வரும். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் தோவாளைச் சந்தையிலிருந்து பூ கேரளத்துக்குப் போகும். முகூர்த்தமும் அந்தப் பத்து நாளுக்குள் விழுந்தால் பிச்சிப்பூ விலை எட்டாது. பூக்காரரிடம் ஆடியிலேயே பேசி விலையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பேசுவதற்கு மாதத் தடை கிடையாது.

நிச்சயத்துக்கு நீ வரணும் என்று இல்லை. நம் பக்கம் பெரியவர்கள் தட்டு மாற்றினால் போதும், மாப்பிள்ளை இருந்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் முன்பு கிடையாது. மோதிரம் மாற்ற வேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை இருந்தால் அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நீ லீவை ஆகஸ்ட் 20-லிருந்து செப்டம்பர் 15 வரை மாற்றிக் கேள். ஆவணியில் கட்டினால் அடுத்த ஆடிக்குப் பத்து மாதத்துக்கு மேல் இருக்கும். வைகாசியில் கட்டினவர்களைப்போல, பெண் வந்த இரண்டாம் மாதமே ஆடிச்சீரோடு தாய்வீட்டுக்குப் போகவேண்டியிருக்காது. தலைத்தீபாவளியும் பக்கத்தில் வந்துவிடும்.

ஆவணியில் லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால் தைக்குப் போகலாம். அப்படியானால் நிச்சயத்தை ஆனியில் வைக்கமாட்டேன், கார்த்திகைக்குத் தள்ளிவிடுவேன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கிடந்தால் ஆறு மாத இடைவெளியில் பாதி நாள் ஒரு காரியமும் ஓடாது. அதற்குள் இரு வீட்டிலும் ஒரு துட்டி விழுந்தால் கல்யாண நாளையே மாற்ற வேண்டியிருக்கும். தையில் மண்டபம் கிடைப்பதும் கஷ்டம். சர்ச் கல்யாணங்களும் திருவருகைக் காலம் கழிந்து, தவக்காலம் தொடங்குவதற்குள் அந்த நாட்களில்தான் குவியும்.

லீவு சாங்ஷன் ஆனதும் அன்றைக்கே போன் பண்ணு. நாள் குறிக்கப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை சோதிடர் வீட்டுக்குப் போகிறேன். உன் பிறந்த நேரம் எழுதிய பழைய நோட்டு உன் பெட்டியில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

உன் அம்மை