பதினாறாம் நாள் புரோநோட்டு: ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு மடல்

தாமிரபரணிக் கரை ஊர்களில் துக்க வீட்டுக் கடன் பேச்சுக்கு உட்காரும் அண்ணாச்சிமாருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பதினாறு முடிந்த அன்று, பந்தல் பிரிக்கும் முன்பே, இறந்தவரின் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, அய்யா பேரு கெட்டுரக் கூடாது, ஒரு கையெழுத்துதான"ன்னு சொல்லிப் புது புரோநோட்டில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

நான் கட்டுப் பிரித்துப் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வாழை போட்ட ஒரு விவசாயி, ஒன்பது லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இறந்தார். விட்டுப்போனது முப்பது சென்ட் நஞ்சை, மதிப்பு ஆறு லட்சம். மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. கல்யாணமாகிப் போன மகளும் வாரிசுதான், அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆக ஆளுக்கு இரண்டு லட்சம். மகன் தன் சம்பளத்தில் பாளையங்கோட்டையில் மூணு சென்ட் இடம் வாங்கி வீடு கட்டியிருந்தான்.

அந்தப் பதினாறாம் நாளில் அவன் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன் கொடுத்தவர் வாரிசுகள் மேல் வழக்குப் போடலாம், டிக்ரியும் வாங்கலாம். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகள்படி, இறந்தவர் சொத்தில் அவனவன் கைக்கு வந்த அளவுக்கு மேல் தொட முடியாது. முப்பது சென்ட் ஏலத்துக்குப் போயிருக்கலாம், வீட்டின் மேல் கை வைத்திருக்க முடியாது. கடன் கொடுத்தவருக்கு மீதி மூணு லட்சம் நஷ்டம்தான். அது அவருக்கு வருத்தம் என்பது எனக்கும் தெரியும்.

அவன் கையெழுத்துப் போட்டான். தன் பெயரில், ஒன்பது லட்சத்துக்கு, ரெண்டு வட்டிக்கு. மாதம் பதினெட்டாயிரம். வட்டி கட்ட முடியாமல் போக, வழக்கு வந்து, வீடு ஜப்தி ஆனது. 'இது அப்பா கடன்' என்று அவன் சொன்னது எடுபடவில்லை. செக் கேஸுக்கு 138 என்கிறோமே, அதே செலாவணி முறிச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாரிசு தன் பெயரில் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால் சொந்தப் பொறுப்பு. கைக்கு வந்த சொத்து அளவுக்கு மட்டும் என்று அதிலேயே வெளிப்படையாக எழுதினால்தான் தப்பிக்கலாம்.

"அப்பன் கடனை மகன் தீர்ப்பது தர்மம்" என்று நீங்கள் சொல்வீர்கள். பழைய இந்துச் சட்டத்தில் அந்தத் தர்மம் கோர்ட் படியேறியதும் உண்மை. ஆனால் 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவன் மேல் போக முடியாது. இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. மனசார அடைக்க நினைப்பவன் அடைக்கட்டும், கையில் இருப்பதைக் கொடுத்து ரசீது வாங்கட்டும். அதற்குப் புது நோட்டு எதற்கு?

வாரிசுகள் தவறும் இடம் ஒன்றும் உண்டு. கடன் இருப்பது தெரிந்தும் நஞ்சையை விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று கையை விரித்தால் கோர்ட் விடாது. அந்தப் பணம் எங்கே போனது என்று வாரிசுதான் கணக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாத அளவுக்கு அவன் சொந்தச் சொத்தும் ஜப்திக்கு வரும். அதனால் ஆஸ்பத்திரி பில், காரியச் செலவு, சொசைட்டியில் கட்டிய பயிர்க்கடன் ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா கடனுக்கு மகன் ஏற்கெனவே ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு. அது அவன் கடனேதான். அடமானம் வைத்த நிலமும் அடமானக் கடனோடுதான் வாரிசுக்கு வரும்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றி இறந்த அம்மாவின் பி.எஃப். பணத்தையும் கடன்காரர் கேட்பதுண்டு. நாமினிக்கு வரும் அந்தப் பணத்தை, இறந்தவரின் கடனுக்காக எடுக்க முடியாது என்று பி.எஃப். சட்டமே சொல்கிறது. அதைக் கொடுக்கச் சொல்லி அந்தப் பிள்ளைகளை நெருக்காதீர்கள்.

சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று கடன்காரர் ஒற்றைக்காலில் நின்றால், முதலில் பழைய நோட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டு மூன்று வருஷத்தில் காலாவதி ஆகும். இடையில் வரவு வைத்துக் கையெழுத்து இருந்தால் கணக்கு மாறும். பிறகும் எழுதுவதென்றால், பையன் கையெழுத்துக்கு மேலே இந்த வரி இருக்கட்டும்:

"என் தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தில் என் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே நான் பொறுப்பு. என் சொந்தச் சொத்து இந்தக் கடனுக்குப் பொறுப்பாகாது."

இந்த வரியைக் கடன்காரர் ஏற்க மறுத்தால், அன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிடச் சொல்லுங்கள்.