அந்த நீர் யாருக்கு?

ஆசிரியருக்கு,

மூன்று சமயங்களின் மரணச் சடங்குகளை ஒப்பிட்ட சிறு கட்டுரை வாசித்தேன். பௌத்த வீட்டில் நீர் வார்ப்பதும் இந்துக்களாகிய நமது எள்ளுந் தண்ணீரும் ஒன்றே என்று அதில் சொல்வது சரியல்ல.

பிக்குகளுக்கு வெள்ளைத் துணி அளித்தபின், குடும்பத்தார் நீர்ப் பாத்திரத்தைக் கூடிப் பிடித்து, கிண்ணம் நிரம்பி வழியும்வரை நீர் வார்ப்பார்கள். அது இறந்தவரின் தாகத்துக்கல்ல. புண்ணியத்தைக் கொடுப்பதன் அடையாளம். புத்தரின் போதனையான ஜாணுஸ்ஸோணி சுத்தத்தின்படி, இறந்தவர் பசித்தலையும் ஆவியான பிரேதராகப் பிறந்திருந்தால்தான் தானம் அவரைச் சேரும். மனிதராகவோ தேவராகவோ பிறந்திருந்தால் சேராது. அப்போது பிரேத நிலையிலுள்ள வேறு உறவினர் பெறுவர். நாம் இடும் பிண்டமோ பெயர் சொல்லி அவருக்கே போகிறது.

முஸ்லிம்களிடம் நீர், கபன் துணி இடுமுன் ஜனாஸாவைக் குளிப்பாட்டப் பயன்படுகிறது. கட்டுரையாளர் இதையும் சேர்த்திருக்கலாம்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06