18,000 ரூபாய் வரிப் பிடித்தமும் இரண்டு ஆண்டுகளும்: வருமான வரி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். 2023-24 நிதியாண்டின் வருமானத்தைக் கணக்கிடும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் நான் காட்டிய வருமானம் 7,80,000 ரூபாய். பிறர் என்னிடம் பிடித்துச் செலுத்திய வரியின் விவரங்களைத் துறை காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் உள்ள தொகை 9,60,000 ரூபாய். இந்த 1,80,000 ரூபாய் வித்தியாசத்திற்கு ஏற்கெனவே மூன்று முறை விளக்கம் அளித்துவிட்டேன். நான்காம் முறையாக எல்லோரும் படிக்கும்படி எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

நான் கட்டட வரைபடங்கள் தயாரித்துக் கொடுக்கும் சுயதொழில் பொறியாளர். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு அனுமதிக்கும் ரொக்க முறையில், பணம் கைக்கு வந்த நாளையே வருமான நாளாகக் கொண்டு பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் என் 1,80,000 ரூபாய் பில்லை 2024 மார்ச் 31 அன்று தன் கணக்குப் புத்தகத்தில் என் பெயருக்கு வரவு வைத்து, 194ஜே பிரிவின்படி 10 சதவீதமாகிய 18,000 ரூபாயை அன்றே பிடித்தது. வரவு வைப்பது, பணம் கொடுப்பது ஆகிய இரண்டில் எது முந்தியதோ அன்று பிடிக்க வேண்டும் என்பதே சட்டம் என்பதால், அவர்கள் மீது தவறில்லை. மீதி 1,62,000 ரூபாய் ஏப்ரல் 22 அன்றுதான் என் வங்கிக் கணக்கில் ஏறியது. பாஸ்புக்கில் அந்த வரியின் கீழ் நான் பென்சிலால் இட்ட கோடு இன்னும் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்றே அடுத்த நிதியாண்டு தொடங்கிவிட்டதால், அந்த வருமானம் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குரியது. அதனால்தான் முதல் ஆண்டில் அந்த 18,000 ரூபாயை உரிமை கோராமல், டி.டி.எஸ். எனப்படும் வரிப் பிடித்த அட்டவணையில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு சென்றேன். வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு உட்படுகிறதோ அந்த ஆண்டிலேயே பிடித்தத்திற்கான வரவு தரப்பட வேண்டும் என்று 37பிஏ விதியும் சொல்கிறது.

முதல் ஆண்டில் வருமானம் ஏன் குறைகிறது என்று கேட்டீர்கள். ‘இத்தகவல் வேறு ஆண்டுக்குரியது’ என்று இணையதளத்தில் பதில் அளித்தேன். அது நிறுவனத்திற்குப் போய், ‘தகவல் சரியே’ என்ற பதிலோடு திரும்பியது. அவர்கள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க அந்தப் பக்கத்தில் இடமில்லை. அடுத்த ஆண்டு 1,80,000 ரூபாயையும் வருமானமாகக் காட்டி 18,000 ரூபாயைக் கோரியபோது, அந்த ஆண்டின் 26ஏஎஸ் படிவத்தில் அப்படியொரு பதிவே இல்லை என்று மறுத்து, வட்டியோடு கட்டச் சொல்கிறீர்கள். 154ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்டேன். அதே கணக்கு மறுபடி வந்தது. என்னிடமிருந்து பிடித்து அரசிடம் செலுத்தப்பட்ட வரியை என்னிடமே இரண்டாம் முறை கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இரண்டு ஆண்டுகளின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றில் வருமானம் குறையும், மற்றொன்றில் பிடித்தம் மிகும். சேர்த்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட விடுபடவில்லை. பில், வங்கி அறிக்கை, இரு ஆண்டுகளின் 26ஏஎஸ் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தயவுசெய்து அலுவலர் ஒருவர் இவற்றைத் தம் கண்ணால் பார்த்து, 18,000 ரூபாய்க்கான வரவை 2025-26 ஆண்டில் அனுமதித்து, வரிக் கோரிக்கையை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்துவோர் ஒருவர்