சான்றாகக் காட்டப்பட்ட ஐந்து வாக்கியங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் மருந்துகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். பெரும்பகுதி தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் நாள்பட்ட வலிக்காக அபினி வகை மாத்திரைகளை உட்கொள்வோரில் நூற்றில் ஒருவர்கூட அவற்றுக்கு அடிமையாவதில்லை என்று ஆய்வுகள் நிறுவியுள்ளதாக அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அதற்குச் சான்றாக ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் 302ஆம் தொகுதி, 123ஆம் பக்கம் சுட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் நன்கு அறிவேன். அந்த வாக்கியம் சொல்வதை அந்தப் பக்கம் சொல்லவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அங்கே இருப்பது ஆய்வுக் கட்டுரையே அல்ல. 1980 ஜனவரி 10ஆம் தேதி இதழில், வாசகர் கடிதப் பகுதியில் வெளிவந்த ஒரே பத்திக் கடிதம் அது. பாஸ்டனில் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணித்துவந்த குழுவைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகிய இருவரும் அதை எழுதினார்கள். மொத்தம் ஐந்து வாக்கியங்கள். தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட்ட 39,946 உள்நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததாகவும், அவர்களில் 11,882 பேர் குறைந்தது ஒரு அபினி வகை மருந்தையாவது பெற்றதாகவும், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் ஓரளவு உறுதியாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டுமே காணப்பட்டதாகவும், அவற்றுள் ஒன்றுதான் கடுமையானது எனக் கருதப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த நால்வருக்கும் தரப்பட்ட மருந்துகளின் பெயர்களையும் சொல்லிவிட்டு, மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும் முன்பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்று முடித்திருந்தார்கள்.

இப்போது தங்கள் கட்டுரையின் வாக்கியத்தைச் சொல் சொல்லாக எடுத்து, அருகில் இந்தக் கடிதத்தை வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். சான்றைச் சரிபார்ப்பது என்றால் இதுதான். குறிப்பிட்ட இதழ் இருக்கிறதா, பக்க எண் சரியா என்று பார்ப்பது வேறு வேலை. தங்கள் கட்டுரை அந்தச் சோதனையில் குறையின்றித் தேறிவிடும்.

‘நாள்பட்ட வலிக்காக’ என்கிறது கட்டுரை. கடிதத்திலோ வலி என்ற சொல்லே இல்லை. அந்த நோயாளிகளுக்கு எதற்காக மருந்து தரப்பட்டது என்பது சொல்லப்படவில்லை. ‘உட்கொள்வோர்’ என்ற சொல், வீட்டிலிருந்தபடி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களையே நினைக்க வைக்கிறது. கடிதத்தில் உள்ளவர்களோ மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்கள். செவிலியர் அளந்து கொடுத்ததைப் பெற்றவர்கள். ‘குறைந்தது ஒரு மருந்து’ என்ற அளவுகோலின்படி, ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வீடு திரும்பியவரும் அந்த 11,882 பேரில் அடக்கம். அவர்களில் எத்தனை பேர் ஒரு வாரத்துக்கு மேல் மருந்து பெற்றார்கள் என்பது தெரியாது. வீடு திரும்பிய பின் அவர்களைத் தொடர்ந்து விசாரித்ததாகவும் கடிதம் சொல்லவில்லை. ‘அடிமையாவதில்லை’ என்கிறது கட்டுரை. கடிதம் எண்ணியதோ கண்காணிப்புப் பதிவில் ஏறியவற்றை மட்டும். எவ்வகை அறிகுறியை அடிமைத்தனம் என்று கொண்டார்கள் என்ற வரையறையும் அங்கே இல்லை. ‘நூற்றில் ஒருவர்’ என்ற எண்ணும் கடிதத்தில் கிடையாது. 11,882இல் நான்கு என்பது பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று. ‘நூற்றில் ஒன்றுக்கும் குறைவு’ என்பது பின்னால் வந்தவர்கள் தாமாகச் சேர்த்த தொடர். கடைசியாக, ‘ஆய்வுகள் நிறுவியுள்ளன’ என்ற பன்மையும் உறுதியும்: கைவசம் இருப்பது ஒற்றைக் கடிதம், அதை எழுதியவர்கள் நிறுவியதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

எழுதிய இருவர்மீதும் எனக்குக் குறை இல்லை. தங்கள் பதிவேடுகளில் கண்டதை, எல்லை வகுத்து, ‘மருத்துவமனைகளில்’ என்ற சொல்லோடு எழுதினார்கள். ஆனால் கடிதத்தின் தலைப்பில் அந்தச் சொல் விடுபட்டுவிட்டது. அபினி வகை மருந்துகளால் சிகிச்சை பெறும் நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்ற பொருளில் மட்டுமே தலைப்பு அமைந்தது. கடிதங்களுக்கு ஆய்வுச் சுருக்கம் கிடையாது. ஆகவே நூலகப் பட்டியல்களில் தேடுகிறவர் கண்ணில் படுவது தலைப்பு ஒன்றுதான். பலர் அந்த ஒரு வரியைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது என் துணிபு.

நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டுகளில், ஒரு பாடநூலில் கண்ட இதே செய்தியை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி, அந்த நோயாளிகள் எவ்வளவு காலம் மருந்து எடுத்தார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நூலகத்தில் தைத்து அட்டையிட்டு வைத்திருந்த தொகுதியை எடுத்து 123ஆம் பக்கத்தைப் புரட்டியபோது, நான் தேடிய அட்டவணைகளும் பின்தொடர்வுக் காலமும் அங்கே இல்லை என்பதைக் கண்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னதைத் திரும்பப் பெற்றேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்னிடம் படித்துச் சென்றவர்களிடம் அதைத் திருத்த வழியில்லாமல் போயிற்று. அது இன்றும் என்னை வருத்துகிறது.

இந்தக் கடிதத்துக்கு நேர்ந்ததைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் 2017இல் அதே இதழில் எண்ணிக் காட்டினார்கள். அதை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வாக்கியத்துக்காகக் காட்டியது என்று படித்துப் பார்த்தார்கள். அபினி வகை மருந்துகளால் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியவை 439. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடாமல் விட்டவை 491. அதே காலத்தில் அவ்விதழில் வந்த வேறு 11 கடிதங்களை ஒப்பிட்டபோது, அவை இடைநிலையாகப் பதினொரு முறைதான் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற நீடித்து வேலைசெய்யும் மாத்திரை அமெரிக்காவில் சந்தைக்கு வந்த பின் இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுவது கூடியது என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். அம்மருந்தை விற்ற பர்டியூ நிறுவனத்தின் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் சொல்லிவந்ததும் இதே ‘நூற்றில் ஒன்றுக்கும் குறைவு’ என்ற கணக்குத்தான். அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றது தொடர்பான வழக்கில் அந்நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உடன்பட்டது. அமெரிக்காவில் இம்மருந்துகளால் நேர்ந்த பெரும் உயிர்ச்சேதத்துக்கு ஒரு கடிதமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 608 கட்டுரைகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஐந்து வாக்கியங்களைப் படித்திருந்தால், மருத்துவரின் மேசையில் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக எடுபட்டிருக்காது.

இது ஒரு தனித்த விபத்து என்று கொள்ளவும் முடியாது. மருத்துவ இதழ்களில் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, ஏறக்குறைய நான்கில் ஒரு மேற்கோள் பிழையானது என்றும், அவற்றில் பாதியளவு, மூலம் சொன்னதற்கு ஒவ்வாத கடும் பிழை என்றும் கண்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். ஓய்வுக்குப் பின்னும் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பீடு செய்கிறேன்; அங்கே நான் பழகிக்கொண்ட வழியைச் சொல்கிறேன். கட்டுரையில் உள்ள எல்லாச் சான்றுகளையும் சரிபார்க்க எவருக்கும் நேரமிராது. எந்த வாக்கியத்தை உருவிவிட்டால் கட்டுரையின் வாதம் சரிந்துவிடுமோ, அந்த வாக்கியத்தின் சான்றை மட்டும் முதலில் எடுக்கிறேன். வாக்கியத்தைத் தனித்தாளில் எழுதி, யாரைப் பற்றி, எந்த மருந்து, எவ்வளவு காலம், எவ்வளவு உறுதி என்ற நான்கையும் அடிக்கோடிடுகிறேன். பிறகு மூலத்தை முழுவதுமாகப் பெற்று, அந்த நான்கும் ஒருசேர அமைந்த இடத்தைத் தேடுகிறேன். அப்படி ஓரிடம் கிடைக்காவிட்டால், அந்தச் சான்று அந்த வாக்கியத்தைத் தாங்கவில்லை என்று பொருள். மூலம் தானே கண்டறியாமல் இன்னொரு கட்டுரையைக் கைகாட்டினால் அதற்குப் போகிறேன். சில சமயம் மூன்று படி ஏறிய பின், தரவே இல்லாத ஒரு கருத்துரையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரே வாக்கியத்தின் முடிவில் நான்கைந்து சான்று எண்கள் அடுக்கியிருந்தால் கூடுதல் கவனம் செலுத்துவேன். ஒன்று மருந்தைப் பற்றியும் ஒன்று நோயாளியைப் பற்றியும் பேச, முழு வாக்கியத்தையும் எதுவும் பேசாமலிருக்கும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. சான்று வாக்கியத்தைத் தாங்குகிறதா என்பதைத்தான் இது காட்டும். வாக்கியம் உண்மையா என்பதைக் காட்டாது. புற்றுநோயால் துடிக்கிறவருக்கு மார்ஃபின் தரத் தயங்குகிற வழக்கம் நம் நாட்டில் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இடம்கொடுத்த சட்ட நடைமுறைகளை 2014இல் திருத்தவும் செய்தார்கள். என் கடிதம் அந்த நோயாளிகளின் மருந்துக்கு எதிரானதாக வாசிக்கப்பட்டால் மிகவும் வருந்துவேன். கடும் வலிக்கு இம்மருந்துகள் தேவை. அதை நிறுவ வேறு நல்ல சான்றுகள் உள்ளன. 123ஆம் பக்கத்தை அழைக்க வேண்டியதில்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் நடத்தும் இதழ்களில், மாணவ உதவியாசிரியர்கள் ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் மூலப் பக்கத்தின் நகலைத் திரட்டி, வாக்கியத்தோடு ஒப்பிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு செய்யத் தங்களிடம் ஆள்பலம் இராது. ஆனால் மருந்துகளைப் பற்றி எழுதுகிறவர்களிடம், கட்டுரையின் முக்கியக் கூற்று ஒவ்வொன்றுக்கும் மூலத்தில் அதைச் சொல்லும் வரியை அப்படியே எழுதி உடன் அனுப்பக் கேட்கலாம். அச்சிட வேண்டியதில்லை, உதவியாசிரியர் ஒருவர் படித்தால் போதும். மூலத்தைப் பார்க்காதவரால் அந்த வரியை எழுத முடியாது.

இரண்டாவது, திருத்தம். நியூ இங்கிலாந்து இதழ், 37 ஆண்டுகள் கழித்தாவது, அந்தப் பழைய கடிதம் ஆராயாமல் பெருமளவில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றை அதனுடன் இணைத்தது. தங்கள் வாசகர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். அடுத்த இதழில் இவ்வாறு வெளியிடலாம்: “சென்ற இதழ்க் கட்டுரையில் சுட்டப்பட்ட 1980ஆம் ஆண்டுக் கடிதம், மருத்துவமனையில் இருந்த காலத்தில் குறைந்தது ஒரு அபினி வகை மருந்தையாவது பெற்ற உள்நோயாளிகளைப் பற்றியது. நாள்பட்ட வலிக்காக வீட்டில் தொடர்ந்து மாத்திரை உட்கொள்வோருக்கு அது பொருந்தாது. அத்தகையோர் மருந்தின் அளவையும் காலத்தையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர்,
மதுரை.