அரை மணி நேரம் பிசகும் செட்டாப் பாக்ஸ் கடிகாரம் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை - 600 081.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் நேர மண்டலம் தவறானதால் பதிவுகளும் நினைவூட்டல்களும் பிசகுவது தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் பென் டிரைவில் பதிவு செய்யும் வசதியுள்ள செட்டாப் பாக்ஸை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு மாலை ஷிப்ட் வேலை என்பதாலும், என் தாயார் அந்நேரத்தில் கோயிலுக்குச் சென்றுவிடுவதாலும், இரவு 7.30 மணித் தொடரைப் பதிவு செய்து வைத்து மறுநாள் காலையில் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற மாதம் பாக்ஸ் தானாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள், திரையில் தெரியும் கடிகாரம் சரியாக அரை மணி நேரம் பின்தங்கியிருந்தது.

தங்கள் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, `Time Mode` என்பதை `Auto`-விலிருந்து `Manual`-க்கு மாற்றி, கைபேசியைப் பார்த்து நேரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியே செய்தேன், கடிகாரம் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த நாள் பதிவைப் போட்டுப் பார்த்த தாயார், "இது வேற நாடகம்டா" என்றார். ஏழு மணித் தொடர் முழுவதும் பதிவாகி, நாங்கள் கேட்ட தொடரின் தலைப்புப் பாடல் தொடங்கும் இடத்தில் பதிவு நின்றிருந்தது. நேரில் வந்த தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் பென் டிரைவைக் குறை சொல்லிவிட்டு, 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

பென் டிரைவில் குறையில்லை என்பதை நானே சோதித்து அறிந்துகொண்டேன். சிக்னலோடு சேர்ந்து குறைந்தது 30 விநாடிக்கு ஒரு முறை வரும் நேரம் உலகப் பொது நேரமாகும். நிகழ்ச்சிப் பட்டியலில் உள்ள தொடக்க நேரங்களும் அதே கணக்கில்தான் வருகின்றன. அதனோடு 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டி இந்திய நேரமாகக் காட்டுவது பாக்ஸின் வேலை. புதுப்பிப்புக்குப் பின் `Time Zone` பட்டியல் முழு மணிகளாக மட்டுமே நகர்கிறது: `GMT +05:00`, அதற்கடுத்து `GMT +06:00`. நடுவில் இருந்த நம்முடைய `GMT +05:30` காணாமற்போய்விட்டதால், பாக்ஸ் `GMT +05:00`-இல் நிற்கிறது. (இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு 5 மணி 45 நிமிடக் கணக்குள்ள நேபாளத்தில் என்ன செய்வார்களோ, தெரியவில்லை.)

இந்த நிலையில் `Auto`-வில் விட்டால், கடிகாரமும் நிகழ்ச்சிப் பட்டியலும் சேர்ந்தே அரை மணி நேரம் குறைவாகக் காட்டுகின்றன. பட்டியலில் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துப் போடும் பதிவு, இரண்டும் ஒரே அளவு பிசகியிருப்பதால், சரியான கணத்தில் தொடங்கிவிடுகிறது. நேரத்தைத் தட்டிப் போடும் டைமர் மட்டும் தாமதமாகிறது, 7.30 என்று போட்டால் உண்மையில் 8 மணிக்குத்தான் இயங்குகிறது.

`Manual`-இல் இது தலைகீழாகிறது. நான் இரவு 7 மணி என்று வைத்தவுடன், பாக்ஸ் அதிலிருந்து 5 மணி நேரத்தை மட்டும் கழித்து, உலகப் பொது நேரம் பிற்பகல் 2 மணி என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அப்போது 1.30 தான். எனவே பிற்பகல் 2 மணிக்கெனக் குறிக்கப்பட்ட 7.30 மணித் தொடரின் பதிவும் நினைவூட்டலும் 7 மணிக்கே கிளம்பிவிடுகின்றன. கடிகாரம் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் எழுவதில்லை. போதாக்குறைக்கு, எங்கள் தெருவில் இருபது நிமிடம் மின்சாரம் நின்றால், கையால் வைத்த நேரம் அழிந்து நள்ளிரவு 12 மணியில் வந்து நிற்கிறது. ஆக, சேவை மையம் சொன்ன வழி பிசகை நீக்கவில்லை. கடிகாரத்திலிருந்து பதிவுக்கு இடம் மாற்றியிருக்கிறது.

தற்போதைக்கு `Auto`-வில் விட்டு, பழைய டைமர்களை அழித்து, பட்டியலிலிருந்து மட்டும் பதிவு செய்து வருகிறோம். திரையில் 7 என்றால் 7.30 என்று தாயார் மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார். எழுபத்திரண்டு வயதானவருக்கு இந்த வேலையை வைத்தது நியாயமன்று.

எனவே, `GMT +05:30` தெரிவை மீண்டும் சேர்த்த மென்பொருளை 15 நாட்களுக்குள் அனுப்புமாறும், அதுவரை கையால் நேரம் வைக்கச் சொல்லும் ஆலோசனையைச் சேவை மையத்தில் நிறுத்துமாறும், தேவையற்ற வருகைக்கு வாங்கிய 350 ரூபாயைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். `Auto`, `Manual` இரண்டு நிலைகளிலும் எடுத்த பதிவுகளையும், கைபேசிக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த திரைப் படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்