கமிஷன் பிறக்கும் தேதி எது? விற்பனைத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விற்பனைத் தலைவர்களுக்கும், மனிதவளத் துறையினருக்கும், கமிஷன் கணக்கில் கடைசிக் கையெழுத்துப் போடும் நிதி அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் விற்கிற வேலையில் பதினொரு வருடம் இருந்தவன் நான். ஓர் ஆர்டருக்காக எட்டு மாதம் அலைந்தேன். மூன்று முறை கொட்டேஷனை மாற்றி எழுதி, அவர்கள் ஆலையிலேயே சோதனை ஓட்டம் நடத்திக் காட்டி, விலைப் பேச்சை முடித்து ஆர்டரைக் கையில் வாங்கினேன். முன்பணம் 30 சதவீதம், இயந்திரம் போய்ச் சேர்ந்ததும் 60, பொருத்தி ஓட்டிக் காட்டியதும் 10 என்பது பேச்சு. முன்பணம் வந்து இரண்டு வாரத்தில் நான் வேலையை விட்டேன். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்து முறையாகத்தான் விலகினேன்.

ஃபைனல் செட்டில்மென்ட்டில் அந்த 30 சதவீதத்துக்கு மட்டும் கமிஷன் வந்தது. மீதி 70 எங்கே என்று கேட்டதற்குத் திட்டத்தில் இருந்த ஒரு வரியை அனுப்பினார்கள்: "தொகை வரவாகும் தேதியில் பணியில் இருப்பவருக்கே கமிஷன் வழங்கப்படும்." இயந்திரம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது, வாடிக்கையாளரும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். அந்த 70 சதவீதத்துக்கான கமிஷன் மட்டும் யாருக்கும் போகவில்லை.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். அது இரண்டு வேறு தேதிகளை ஒன்றாக்கிவிடுகிறது. கமிஷனுக்கான உரிமை பிறக்கும் தேதி ஒன்று, பணம் கைக்கு வரும் தேதி இன்னொன்று. கலெக்ஷன் ஆன பிறகுதான் கமிஷன் என்று நீங்கள் வைப்பதன் காரணம் எனக்குத் தெரியும். ஆர்டர் போட்டதுமே கொடுத்தால், பணம் கட்ட வக்கில்லாதவரிடமும் ஆர்டர் வாங்கிக் குவிக்கிற ஆட்கள் உண்டு. அதைத் தடுக்கப் பணம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது நியாயம். ஆனால் நான் விலகியதால் அந்த வாடிக்கையாளர் பணம் கட்டாமல் போகும் ஆபத்து கூடவில்லை. அவர் கட்டும்வரை என் கமிஷனை நிறுத்தி வையுங்கள், கட்டியதும் அனுப்புங்கள், ஆர்டரையே ரத்து செய்தால் ஒன்றும் தர வேண்டாம். காத்திருக்கச் சொல்லும் விதி, விலகியவன் உரிமையையே அழிக்கும் விதியாக மாறுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, 95ஆம் எண் கொண்டது, ஊதியத்தை என்ன பெயரிட்டாலும் எப்படிக் கணக்கிட்டாலும் ஊதியம்தான் என்கிறது. பணி ஒப்பந்தம் முடியும்போது நிலுவையை முழுதாகத் தீர்க்க வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. சுயதொழிலாக இயங்கும் வணிக முகவர்களுக்கான ஐரோப்பிய நெறிமுறை ஒன்று 1986இல் வந்தது. முகவர் ஒப்பந்தம் முடிந்த பிறகு கைகூடும் வியாபாரமும் பெரும்பாலும் அவர் உழைப்பால் வந்தது என்றால், நியாயமான காலத்துக்குள் முடிந்திருந்தால், கமிஷன் அவருக்குரியது என்கிறது அது. சம்பள ஊழியர்களுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பல இடங்களில் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் முதலில் பார்க்கப்படும். அதனால்தான் எழுதுகிற உங்களிடம் கேட்கிறேன்.

எல்லாமே விலகியவருக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. நான் கொட்டேஷன் மட்டும் கொடுத்துவிட்டு வந்த இடங்கள் நான்கைந்து இருந்தன. அந்த டெரிட்டரிக்கு வந்த புதியவர்தான் அங்கே விலை பேசி முடித்தார். அவை அவருடையவை. என் பழைய ஆர்டரிலும் கடைசி 10 சதவீதத்துக்காக அவர் பலமுறை நடந்திருந்தால் அதில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். கையெழுத்தான ஆர்டர், விலைப்பேச்சில் இருப்பது, வெறும் விசாரிப்பு என்று மூன்றாகப் பிரித்தாலே பெரும்பாலான சண்டை முடிந்துவிடும்.

வருட நடுவில் திட்டத்தை மாற்றுவதிலும் இதே தேதிக் குழப்பம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருட டார்கெட் 1,200. அதுவரை 5 சதவீதம், அதைத் தாண்டியதற்கு 8 சதவீதம். ஒரு பெண் முதல் ஆறு மாதத்தில் 900 விற்றுவிட்டார், 45 கமிஷன் வாங்கிவிட்டார். ஏழாம் மாதம் ஒரு மெயில் வருகிறது: டார்கெட் இனி 1,800, அடிப்படை விகிதம் 4 சதவீதம், வருடத் தொடக்கத்திலிருந்தே அமல். அவருடைய 45 ஒரே நாளில் 36 ஆகிறது. "கூடுதலாகப் பெற்ற" 9 வரும் மாதங்களில் பிடிக்கப்படுகிறது. இது முடிந்துபோன உழைப்பின் விலையைக் குறைப்பது. "திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்ற வாசகத்தை இனிமேல் செய்யும் வேலைக்கு என்றுதான் படிக்க வேண்டும்.

உங்களில் பலர் இங்கே, "நாங்கள் பின்தேதியிட்டு மாற்றுவதில்லை, இனி நடப்பதற்கு மட்டும்தான்" என்பீர்கள். அதிலும் ஒன்று கண்ணில் படாமல் போகிறது. அந்தப் பெண் 45ஐ வைத்துக்கொண்டாலும், 8 சதவீதத்துக்கு அவருக்குப் பாக்கி இருந்தது 300தான். முந்நூறு படி ஏறினால் போதும் என்று முதல் ஆறு மாதம் ஓடியவருக்கு இப்போது தொள்ளாயிரம் படி. வருடம் முழுக்கச் சேர்த்து எண்ணுகிற டார்கெட்டை நடுவில் உயர்த்தினால் தேதி எதுவாக இருந்தாலும் பழைய உழைப்பு தொடப்படுகிறது.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய திட்டத்தை அந்த நாளோடு மூடிக் கணக்குத் தீருங்கள். ஆறு மாதத்துக்கு டார்கெட் 600. அதற்கு 5 சதவீதம், 30. தாண்டிய 300க்கு 8 சதவீதம், 24. மொத்தம் 54. ஏற்கெனவே கொடுத்த 45 போக 9 கொடுத்துவிட்டு, புதிய டார்கெட்டைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள். சீசனைப் பொறுத்து முதல் பாதியில் விற்பனை மந்தமாக இருக்கிற தொழிலில் சரிபாதியாகப் பிரிக்காமல் முந்தைய வருடங்களின் மாதவாரி விகிதத்தில் பிரிக்க வேண்டும். பழைய விதியில் கையெழுத்தாகி இன்னும் பணம் வராத ஆர்டர்களுக்குப் பழைய விகிதமே நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். என் கடைசி நாளில் மாலை நான்கு மணிக்கு லேப்டாப்பை ஒப்படைத்தேன். ஐந்து மணிக்கு லாகின் போய்விட்டது. அதோடு ஆர்டர் எண், இன்வாய்ஸ் தேதி, தவணை எதுவும் என் கண்ணுக்கு எட்டவில்லை. மாதாமாதம் வந்த கமிஷன் ஸ்லிப்பிலோ மொத்தத் தொகை ஒன்றுதான் இருக்கும். எந்த ஆர்டருக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒரு தாளும் இல்லை. விலகுகிறவரின் கடைசி வாரத்தில் ஒரு பக்கப் பட்டியல் போடுங்கள்: ஆர்டர் எண், மதிப்பு, இதுவரை வரவான தவணை, வரவேண்டியது, பொருந்தும் விகிதம். விலகுகிறவரும் மேலாளரும் அதில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஒவ்வொரு தவணை வரும்போதும் கணக்குப் பிரிவு அந்தத் தாளைப் பார்த்துப் பணம் அனுப்பினால் போதும், யாரும் யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்த வருடத் திட்டத்தின் வரைவு இப்போது உங்கள் மேஜையில் இருக்கலாம். "வரவாகும் தேதியில் பணியில் இருப்பவருக்கே" என்ற வரி அதில் இருந்தால், "ஆர்டர் கையெழுத்தான தேதியில் பணியில் இருந்தவருக்கு, தொகை வரவானதும்" என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவன்